பூஜ்யத்துக்கு இடப்பக்கம்

கீழவாசல் பக்கம் ஒரு சந்தில், பித்தளைப் பாத்திரம் அடிக்கும் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த டுட்டோரியல். நான் அங்கே கால் வைத்த முதல் காலையில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டிருந்தார். அறைந்தவன் அவரைவிட வயதில் சிறியவன். அறைந்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றான். வாங்கியவர் கன்னத்தைத் தடவியபடி, "இருக்கட்டும் தம்பி, தப்பு என் மேலதான" என்றார். வாத்தியார் இருவரையும் பார்க்கவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதினார். கீழே பட்டறைச் சுத்தியல்கள் விடாமல் விழுந்துகொண்டிருந்தன.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் இன்டர்மீடியட்டைத் தட்டுத்தடுமாறித் தேறி, பி.ஏ. கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டவன். அப்புறம் திண்டுக்கல்லில் தோல் மண்டி, மலைமேல் ஏலத்தோட்டம், கடைசியாகக் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் அடுப்புக்குக் கரி தள்ளும் வேலை. பஸ் முதலாளியின் மைத்துனன் என் பல்லை உடைத்த பிறகு அதையும் விட்டேன். டுட்டோரியலில் ஸ்டென்சில் வெட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மாடி ஏறினேன். மெழுகுத்தாளில் இரும்பு எழுத்தாணியால் கணக்குகளைக் கீறி, மை உருளையை ஓட்டிப் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். மாடியிலேயே படுத்துக்கொள்ளலாம், சாப்பாடு உண்டு, வகுப்பிலும் உட்காரலாம். கணக்குத் தெரிந்தவன் வெட்டினால்தான் குறிகள் சரியாக விழும் என்று என்னை எடுத்தார்கள்.

அங்கே படித்தவர்கள் எல்லாருமே காலேஜில் தவறியவர்கள். பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்களும் இருந்தார்கள். புரட்டாசியில் பல்கலைக்கழகம் மறுபடி வைக்கும் பரீட்சைக்காக வந்து உட்கார்ந்தவர்கள். வாத்தியார் முன்பு ஒரு காலேஜில் விரிவுரையாளராக இருந்தவர். ஒரு மாணவனின் செவிப்பறை கிழியும்படி அறைந்ததற்காக வேலை போனது. அதை அவரே முதல் நாள் எல்லாரிடமும் சொல்வார், தன் படிப்பைச் சொல்வதுபோல.

அவர் வைத்த விதி இது. பலகையில் கணக்குப் போடுபவன் தப்புச் செய்தால், அதைக் கண்டுபிடித்தவன் எழுந்து வந்து அவனை அறைய வேண்டும். தப்பே இல்லாத இடத்தில் தப்பு என்று கை தூக்கினால், பலகையில் நிற்பவன் கை தூக்கியவனை இரண்டு அறை அறைவான். சின்னப் பள்ளிக்கூடங்களில் தெரிந்த பையன் தெரியாத பையனைக் குட்டும் வழக்கம்தான். அதை மீசை வைத்தவர்களுக்கு இவர் கொண்டுவந்தார். "இந்த விதி எனக்கும் சேர்த்துத்தான்" என்று முடிப்பார். யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

அந்த மாதங்களில் நடந்துகொண்டிருந்தது ஒரே வகைக் கணக்கு. வளைகோட்டுக்கு அடியில் உள்ள பரப்பைத் தொகையீடு என்பார்கள். அந்தப் பரப்பின் ஒரு ஓரம் அசையாது, மறு ஓரம் எக்ஸோடு நகரும். அப்படிப்பட்ட பரப்பை மேலே வைத்து, கீழே எக்ஸில் வேறொன்றை வைத்து வகுத்து, எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது இந்தப் பின்னம் எந்த எண்ணை நெருங்கும் என்று கேட்பார்கள். அந்த எண்தான் எல்லை. மேலும் பூஜ்யம், கீழும் பூஜ்யம் ஆகிவிடுவதால் நேராக வகுக்க முடியாது. அதற்கு ஒரு விதி உண்டு. மேலதன் வகைக்கெழுவைத் தனியாக எடு, கீழதன் வகைக்கெழுவைத் தனியாக எடு, அவற்றை வகுத்துப் பார். அதற்கு ஓர் எல்லை கிடைத்தால், முதல் பின்னத்துக்கும் அதுவே எல்லை. ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர் அந்த விதிக்கு உண்டு. பையன்கள் அதை "பிரெஞ்சுக்காரன்" என்றே சொல்வார்கள். "பிரெஞ்சுக்காரன எறக்கு மாப்ள" என்றால் வகைக்கெழு எடு என்று அர்த்தம்.

மேலே இருக்கும் பரப்பை எப்படி வகைக்கெழு எடுப்பது? அதற்குத்தான் அடிப்படைத் தேற்றம். நகரும் ஓரம் நிற்கும் இடத்தில் வளைகோடு எவ்வளவு உயரமோ, அதுதான் பரப்பு கூடும் வேகம்.

நான் பார்த்த முதல் அறை ஏன் விழுந்தது என்றால், அந்த முப்பது வயதுக்காரர் மேலையும் கீழையும் தனித்தனியே எடுக்காமல், பின்னம் முழுவதையும் ஒன்றாக வைத்து வகைக்கெழு எடுத்துவிட்டார். அந்தத் தப்பு வாத்தியாருக்குப் பிடிக்காது. சக மாணவன் அறைந்து முடித்த பிறகும் அவர் பங்குக்குப் பிரம்பை எடுப்பார். தோளில் ஒன்று வைத்து, "இது மேல" என்பார். கெண்டைக்காலில் ஒன்று வைத்து, "இது கீழ. தனித்தனியா வலிக்குதா? தனித்தனியா எடுக்கணும்" என்பார். வலி தனித்தனியாகத்தான் இருக்கும். நானும் வாங்கியிருக்கிறேன்.

இன்னொருவன் கீழே எக்ஸ் கூட்டல் ஒன்று என்று இருந்ததைக் கவனிக்காமல் விதியை இறக்கினான். எக்ஸ் பூஜ்யமாகும்போது கீழே ஒன்று நிற்கிறது, மேலே பூஜ்யம். விடை பூஜ்யம், அவ்வளவுதான். விதிக்கு அங்கே வேலையே இல்லை. அவன் ஒன்று என்று விடை கொண்டுவந்தான். கை தூக்கியவன் அவனுக்கு மைத்துனன் முறை. பழைய வீட்டுச் சண்டை எதையோ சேர்த்து வைத்து அறைந்தான். மூக்கில் ரத்தம் வந்தது. "அடுத்தாப்ல மொதல்ல மேலயும் பூஜ்யம் கீழயும் பூஜ்யமான்னு பாரு" என்றார் வாத்தியார்.

இந்த வகுப்பில் மேலூர்க்காரன் ஒருவன் இருந்தான். ஆள் பெரிய உடம்பு, பேச்சு மெதுவாக வரும். யோசித்து முடிக்கும் வரை வாயைத் திறக்கமாட்டான். இரண்டு தடவை தவறியவன். ஒத்தக்கடை தாண்டி, மேலூருக்குப் போகும் வழியில் அவர்களுக்கு நிலம். அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். அவர் ஒருநாள் மாடுகளை ஓட்டும் தார்க்குச்சியோடு சந்துக்கு வந்து, தம்பியைக் கீழே கூப்பிட்டு, பட்டறை ஆட்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி முதுகில் விளாசினார்.

"ரெண்டு வருசமா இங்கிட்டு உக்காந்து என்னடா பண்ற? இந்தத் தடவ நம்பர் வரல, புஸ்தகத்த எல்லாம் அடுப்புல வச்சுட்டு ஏர்ல கட்டிப்புடுவேன். ஆமா."

"இந்தத் தடவ வந்துரும்ணே."

"போன தடவயும் இதத்தான சொன்ன?"

"போன தடவ தெரியாமச் சொன்னேன். இந்தத் தடவ தெரிஞ்சு சொல்றேன்."

அதற்கும் ஒரு அடி விழுந்தது. அண்ணன் போன பிறகு மாடி ஏறி வந்து என் பாயில் குப்புறப் படுத்தான். எனக்கும் அவனுக்கும் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஸ்டென்சில் மையைத் துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தொட்டு முதுகில் போட்டேன். அலறினான். அவனுக்கு ஏர் பிடிப்பது கேவலமில்லை, உழவு வரும். ஆனால் தவறியவன் என்ற பெயரோடு அந்த ஊரில் ஏர் பிடிக்க முடியாது என்றான். தேறிவிட்டு வேண்டுமானால் பிடிப்பானாம். எனக்கு அது விளங்கியது.

அவனும் அடி வாங்காமல் இல்லை. நகரும் ஓரம் எக்ஸில் இல்லாமல் எக்ஸ் வர்க்கத்தில் இருக்கும் கணக்கு ஒன்று வந்தது. வளைகோட்டின் உயரத்தை எழுதினான், அதை இரண்டு எக்ஸால் பெருக்க மறந்தான். ஒன்று என்று வர வேண்டிய விடை கட்டுக்கடங்காமல் பெருகிப் போனது. வாத்தியாரே அறைந்தார், இடது காதோடு சேர்த்து. அன்று சாயங்காலம் வரை அந்தக் காதில் வண்டு கத்துவதுபோல இருக்கிறது என்று தலையைச் சாய்த்தபடியே திரிந்தான். பிறகு திடீரென்று என்னிடம் சொன்னான்:

"மாப்ள, இது வரப்பு மாதிரிடா. பரப்பு எம்புட்டு வேகமா கூடும்னா, வரப்பு நிக்கிற எடத்துல பயிரு எம்புட்டு ஒசரமோ அம்புட்டு. ஆனா அந்த வரப்பும் ஒரு வேகத்துல நகருதுல்ல? வர்க்கமுன்னா பூஜ்யத்துக்குக் கிட்ட நத்தை மாதிரி நகரும். அந்த நத்தை வேகத்தாலயும் பெருக்கணும். அதத்தான் விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு அவன் அதை விடவில்லை. பரப்பைப் பார்க்கும்போதெல்லாம் வரப்பைத்தான் பார்த்தான்.

பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தபோது, வாத்தியார் தன்னுடைய 'கட்டாயம் வரும்' கணக்குகளைப் பலகையில் போட்டுக் காட்டினார். வருஷா வருஷம் போடுபவை. அவற்றை அவர் கொடுத்தபடியே ஏற்கெனவே நான் ஸ்டென்சிலில் வெட்டியிருந்தேன். அதில் ஒன்று: மேலே, பூஜ்யத்திலிருந்து எக்ஸ் வர்க்கம் வரை சைன் ரூட் டி-யின் தொகையீடு. கீழே எக்ஸ் கனம். எக்ஸ் பூஜ்யத்தை நெருங்குகிறது.

வேகமாகப் போட்டார். மேலும் பூஜ்யம், கீழும் பூஜ்யம். தேற்றப்படி மேலே டி இருந்த இடத்தில் எக்ஸ் வர்க்கத்தை வைத்தால், அதன் வர்க்கமூலம் எக்ஸ். ஆகவே சைன் எக்ஸ், அதை இரண்டு எக்ஸால் பெருக்கு. கீழே மூன்று எக்ஸ் வர்க்கம். அடித்துச் சுருக்கினால் மூன்றில் இரண்டு, பெருக்கல் சைன் எக்ஸ் வகுத்தல் எக்ஸ். அந்தப் பின் பாதி ஒன்றை நெருங்கும். விடை மூன்றில் இரண்டு. விடையின் அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு சாக்பீஸை வைத்தார்.

"சார், கை தூக்குறேன்" என்றான் மேலூர்க்காரன்.

வாத்தியார் திரும்பவில்லை. "எதுக்கு?"

"விடை தப்பு சார்."

பின் பெஞ்சில் யாரோ, "செத்தான்டா" என்றார்கள். மைத்துனனிடம் அடிவாங்கியவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தப்பில்லாததத் தப்புன்னா ரெண்டு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சொல்லு."

"மேல இருக்கது பரப்பு சார். எக்ஸ் பிளஸ்ஸா இருந்தாலும் மைனஸா இருந்தாலும் அதோட வர்க்கம் பிளஸ்தான். வரப்பு வலப்பக்கம்தான் நிக்கும். பூஜ்யத்துக்குக் கிட்டத்துல அந்த சைனும் பிளஸ். அப்ப மேல எப்பவும் பிளஸ்."

"சரி."

"கீழ எக்ஸ் கனம். எக்ஸ் மைனஸா இருந்தா அதுவும் மைனஸ். பிளஸ்ஸ மைனஸால வகுத்தா மைனஸ்தான சார் வரும்? இடப்பக்கமா பூஜ்யத்துக்கு வந்தா, அது எப்பிடி சார் பிளஸ்ல போய் நிக்கும்?"

வாத்தியார் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்டென்சில் வெட்டுனவன் ஒரு குறிய விட்டுட்டான். எக்ஸ் வலப்பக்கமிருந்து மட்டும் வருதுன்னு கேள்வி" என்று சொல்லிக்கொண்டே வந்து என்னை அறைந்தார். உடைந்த பல்லுக்குப் பக்கத்துப் பல் உதட்டில் இறங்கியது.

"பலகையிலயும் அந்தக் குறி இல்ல சார்" என்றேன். "அது உங்க கையெழுத்து."

அதற்காக இன்னொரு அறைக்குக் கை ஓங்கியவர், ஓங்கியபடியே பலகையைத் திரும்பிப் பார்த்தார். கையை இறக்கினார். போய் நின்றார். எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் எக்ஸ் என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். எக்ஸ் கழித்தலாக இருக்கும்போது அந்த வர்க்கமூலம் எக்ஸ் ஆகாது, கழித்தல் எக்ஸ்தான் ஆகும். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தை யோசிக்காமல் தாண்டியிருக்கிறார். அந்த வரியை உள்ளங்கையால் அழித்தார். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்து எழுதினார். வலப்பக்கம் மூன்றில் இரண்டு. இடப்பக்கம் கழித்தல் மூன்றில் இரண்டு. இரண்டும் சேரவில்லை. கடைசியில் "எல்லை இல்லை" என்று எழுதி, சாக்பீஸைச் சட்டத்தில் வைத்தார்.

"விதி சார்!" என்றது பின் பெஞ்சு.

முதலில் ஒருவன்தான் சொன்னான். பிறகு எல்லாரும் பெஞ்சைத் தட்டிக்கொண்டு, "விதி, விதி" என்றார்கள். ஒவ்வொருவரும் அந்த மனிதரிடம் ரத்தம் சிந்தியவர்கள்தானே.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோட்டையும் கழற்றினார். "வா, அடி" என்றார்.

"வேணாம் சார்."

"விதின்னா விதி. வா."

"கணக்கு சரியாயிருச்சுல்ல சார். அம்புட்டுதான். எனக்குப் பரீட்சை இருக்கு."

"எம்மேல இரக்கப்படுறியாடா? மாடு மேய்க்கிற பயலே, எனக்கு இரக்கம் காட்டுறியா?"

மேலூர்க்காரன் எழுந்து வந்தான். ஒரு குழந்தையைத் தட்டுவதுபோல அவர் கன்னத்தைத் தொட்டான். பெஞ்சுகள் சிரித்தன. அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. வாத்தியார் அவன் சட்டையைப் பிடித்தார். "இதா அறை? நான் உன்ன இப்பிடியா அறைஞ்சேன்? காது கேக்காமத் திரிஞ்சியே, அந்த மாதிரி அடிடா!"

அந்த மாதிரியே அடித்தான். நெல் மூட்டை தூக்கிய கை. வாத்தியார் பலகையில் மோதி, பலகையோடு சேர்ந்து விழுந்தார். எழுந்து உட்கார்ந்தபோது வாயிலிருந்து ரத்தம் வேட்டிக்கு ஒழுகியது. ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பினார். அதைப் பார்த்தார். ஒரு கணம், முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மேலூர்க்காரன் அவருக்குக் கைகொடுக்கக் குனிந்து வலது கையை நீட்டினான். மேஜையில் இருந்த கனத்த மர ரூல்தடியை எடுத்து அந்தக் கையை மேஜை விளிம்பில் வைத்து அடித்தார் வாத்தியார். இரண்டாவது அடியில் விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே பட்டறைச் சுத்தியல்கள் அடித்துக்கொண்டிருந்தும் கேட்டது.

அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் வாத்தியார்மேல் பாய்ந்தார்கள். அவரைக் காப்பாற்ற ஒருவர் குறுக்கே விழுந்தார், அந்த முப்பது வயதுக்காரர். மைத்துனன் அடித்த அறையை மறக்காதவன் மைத்துனனைப் பெஞ்சோடு சாய்த்து ஏறி உட்கார்ந்தான். என் மை உருளை ஒருவன் தலையில் உடைந்தது. அதைப் பிடுங்கப் போய் என் நெற்றி கிழிந்தது. சத்தம் கேட்டு ஏறி வந்த பட்டறை ஆட்கள், யாரை அடிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் அடித்தார்கள். அந்த நாட்களில் ஊரில் நாலு பேர் கூடினாலே போலீஸ் வரும். வந்தது. லத்தியோடு மாடி ஏறியவர்கள் காரணம் கேட்கவில்லை. படிக்கட்டில் எங்களை வரிசையாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு அடி வைத்தார்கள். "என்னடா கலவரம்?" என்று கடைசியில் ஒரு ஏட்டு கேட்டார். "கணக்குல ஒரு சந்தேகம்" என்று ஒருவன் சொன்னான். நக்கல் என்று நினைத்து அவனுக்கு மட்டும் கூடுதலாக விழுந்தது. அவன் சொன்னது உண்மைதான்.

மேலூர்க்காரனை நான் ஒத்தக்கடையில் எலும்பு கட்டுபவரிடம் கூட்டிப்போனேன். மூங்கில் பத்தைகளை வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் உளுந்தமாவைக் குழைத்துப் பூசி, துணி சுற்றிக் கட்டினார். மூன்று விரல்கள். கட்டும்போது நாலு பேர் அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "ஒரு மாசத்துக்கு இந்தக் கை ஒரு புல்லையும் பிடிக்கப்படாது" என்றார்.

பரீட்சை அடுத்த வாரம்.

அண்ணன் செய்தி கேட்டு வந்தார். கட்டைப் பார்த்தார். கட்டு இல்லாத பக்கமாகப் பார்த்து அடித்தார். "படிக்கப் போன எடத்துல சண்டையா? கெளம்பு. போதும்."

"இடது கையில எழுதுறேன்ணே."

"இடது கையில சோறு திங்கவே உனக்குத் தெரியாது."

"ஒரு வாரம் இருக்குல்ல."

அண்ணன் தார்க்குச்சியைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போய் நின்று பீடி பற்றவைத்தார். அது சரி என்பதாகவும் இல்லை, வேண்டாம் என்பதாகவும் இல்லை. அந்த நேரத்தில்தான் மேலூர் ரோட்டிலிருந்து வாத்தியார் நடந்து வந்தார். கரி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். உதடு வீங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது. கையில் பிரம்பு இருந்தது, அக்குளில் ஒரு ஸ்லேட்டு.

அண்ணன் தார்க்குச்சியை எடுத்தார். "இவன்தானாடா?"

"ஆமாண்ணே."

வாத்தியார் ஓடவில்லை. அண்ணன் அடித்த முதல் அடியைத் தோளில் வாங்கினார், இரண்டாவதையும் வாங்கினார். மூன்றாவதற்கு மேலூர்க்காரன் குறுக்கே வந்து நின்றான். "அண்ணே, விடு. பரீட்சைக்கு இன்னும் இவரு வேணும்." அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மனுசய்ங்கடா நீங்க?" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி பீடியை எடுத்தார்.

வாத்தியார் மன்னிப்புக் கேட்கவில்லை. உட்கார்ந்து ஸ்லேட்டைக் கொடுத்தார். "தொகையீட்டுக் குறி போடு" என்றார், பல் போன சந்தின் வழியாகக் காற்று வர. இடது கையால் போட்ட குறி நண்டுபோலச் சரிந்தது. பிரம்பு இடது மணிக்கட்டில் விழுந்தது. "நிமிந்து நிக்கணும். மறுபடி போடு."

அந்த வாரம் முழுவதும் வந்தார். எலும்பு கட்டுபவரின் கொட்டகையில், முறிந்த கால்களோடு படுத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இவர் அடிப்பதும் அவன் எழுதுவதுமாகப் போனது. இடது கை எழுத்து மெதுவாகத்தான் வரும். அதனால் வாத்தியார் வரிகளைக் குறைக்கக் கற்றுக்கொடுத்தார். எந்த வரி இல்லாவிட்டால் கணக்கு விழும், எந்த வரி அலங்காரம் என்று பிரித்தார். 'மேல் பூஜ்யம், கீழ் பூஜ்யம்' என்ற வரியை விடக்கூடாது, விட்டால் அடி. தேற்றத்தை எழுதும் வரியை விடக்கூடாது. சுருக்கும் வரிகள் வேண்டாம். வர்க்கமூலம் வரும் இடத்தில் மட்டும் நிற்கச் சொன்னார். "அங்க நில்லு. ரெண்டு பக்கமும் பாரு. நான் நிக்கல" என்றார். அவர் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

பரீட்சை நாளில் நான் அவனைக் காலேஜ் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அண்ணனும் வந்திருந்தார், தார்க்குச்சி இல்லாமல். வாத்தியார் எதிர்ப்பக்கத்தில் புளியமரத்தடியில் நின்றார். உள்ளே விட மேற்பார்வையாளர் கட்டைச் சந்தேகப்பட்டு அவிழ்க்கச் சொன்னாராம். துணிக்குள் எதையாவது எழுதி வைத்திருப்பான் என்று. அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தான். விரல்கள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்ததைப் பார்த்து அந்த மனிதரே மறுபடி சுற்றிவிட்டாராம், கோணலாக. மூன்று மணி நேரமும் அந்தக் கோணல் கட்டில் வலி துடித்தது என்றான்.

வெளியே வந்தபோது இடது கையைத் தூக்க முடியாமல் தொங்கவிட்டு வந்தான். வாத்தியார் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"வந்துச்சா?"

"அந்தக் கணக்கு வரல சார். கொசைன் ஒண்ணு வந்துச்சு. வரப்பு எக்ஸ் வர்க்கத்துல."

"ரெண்டு எக்ஸால பெருக்குனியா?"

"பெருக்குனேன் சார்."

"எத்தன கணக்கு எழுதுன?"

"பாதிதான் சார். அதுக்கு மேல கை வரல. எழுதுனது சரி."

வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று, அண்ணன் காலையிலேயே சந்துக்கு வந்துவிட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நம்பரை நான் விரல் வைத்துக் காட்டினேன். மூன்றாம் வகுப்பில் தேறியவர்கள் வரிசையின் கடைசிப் பக்கமாக இருந்தது. "இதுதானா? நல்லாப் பாரு" என்றார். மறுபடி காட்டினேன். பக்கத்தில் நின்ற தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவர் அடித்ததில் அதுதான் பலமான அடி. தம்பி இரண்டடி முன்னால் போய் நின்று சிரித்தான். அவன் வலது கை நடுவிரல் பிறகு மடங்கவே இல்லை. நீட்டிக்கொண்டே இருக்கும். அதை வைத்து ஏர் பிடிக்கலாம், பிடித்தான் என்று கேள்விப்பட்டேன்.

பட்டறைக்காரர் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், டுட்டோரியல் வேறு தெருவுக்குப் போனது. புதிதாகத் தவறியவர்கள் வந்து நிறைந்தார்கள். எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு லாரியில் இடம் கிடைத்தது. போகும் நாளில் கடைசி ஸ்டென்சிலைக் கொடுக்க வகுப்புக்குள் போனேன். வாத்தியார் தன் விதியைச் சொல்லி முடித்து, "எனக்கும் சேர்த்துத்தான்" என்றார். பலகைக்குத் திரும்பி முதல் கணக்கைப் போட்டார். சைன் ரூட் டி, மேலே எக்ஸ் வர்க்கம் வரை, கீழே எக்ஸ் கனம். வர்க்கமூலம் எக்ஸ் என்று எழுதினார். மூன்றில் இரண்டு என்று முடித்து, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வகுப்பைப் பார்த்து நின்றார். யாரும் கை தூக்கவில்லை. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை பரபரத்தது, ஆனால் அது என் வேலை இல்லை. அவர் வெகுநேரம் நின்றார். பிறகு முன் பெஞ்சுக்கு வந்து, சுத்தமாக எழுதி முடித்து நிமிர்ந்த ஒருவனைக் கன்னத்தில் அறைந்தார்.

"எதுக்கு சார்?" என்றான் அவன்.

"அதத்தான் கண்டுபிடி" என்றார்.